வாசலுக்கு வரும் பாலும் ஒரு பால் அட்டையின் நிபந்தனைகளும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், சைக்கிள்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பால் கான்கள் போவதைக் காணலாம். முரசுமோட்டை நெல் விளையும் ஊர். ஆனால் வயல் காசு போகம் முடியத்தான் வரும், பால் காசு நாளாந்தம் வரும். 2009இன் தொடக்கத்தில் இதே வீதியால் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த சனம், மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் போனது. மீள்குடியேறிய பிறகு பல வீடுகள் ஒன்று, இரண்டு மாடுகளில் இருந்துதான் மீண்டும் தொடங்கின.

அப்படியான ஒரு வீட்டுக்குப் பாலை விற்க இரண்டு வழிகள் உள்ளன. சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கலாம். அங்கே கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் அளந்து விலை போடுவார்கள். எவ்வளவு கொண்டுபோனாலும் எடுப்பார்கள், ஆனால் விலை குறைவு. மற்றது, வீடு வீடாகக் கொடுப்பது. விலை கூட, ஆனால் வாங்குபவர் ஊருக்குப் போனால் அன்றைய பால் கையில் நிற்கும். மாட்டுக்கு லீவு இல்லை. வீட்டுக்குப் பால் ஊற்றத் தொடங்கிப் பிறகு கைவிட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் காரணம் விலையாக இருக்காது. நிறுத்திய நாட்களும் மாதக் கணக்கும்தான் காரணமாக இருக்கும்.

ஆகவே 'சுத்தமான பசும்பால் வீட்டுக்கே கிடைக்கும்' என்று ஒரு அறிவித்தல் ஒட்டுவது போதாது. அதற்குக் கீழே வரவேண்டிய நாலைந்து வரிகளில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது.

முதலில் அளவு. எங்கள் பக்கம் பாலைப் போத்தல் கணக்கில்தான் கேட்பார்கள். போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். பால்மாவுக்குப் பழகிய இளம் குடும்பங்களும் வெளியூரில் இருந்து வந்த உத்தியோகத்தர்களும் லீற்றரில் நினைப்பார்கள். நாலு போத்தல் மூன்று லீற்றர் என்பதை எழுதாவிட்டால், ஒரு போத்தல் விலையைப் பார்த்து 'லீற்றர் விலை' என்று எண்ணியவர் முதல் மாதமே முகம் சுளிப்பார்.

அடுத்தது நிறுத்தம். இங்கே கேட்கவேண்டிய கேள்வி, எந்த நேரத்துக்கு முன்னர் சொன்னால் விற்பவருக்கு நட்டம் வராது என்பதுதான். முதல்நாள் மாலை தெரிந்தால், விடியக் கறக்கும் பாலில் அந்தப் பங்கைச் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பலாம். விலை குறைந்தாலும் காசாகும். காலை ஏழு மணிக்குப் படலையில் வைத்து 'இண்டைக்கு வேண்டாம்' என்றால், அதற்குள் சேகரிப்பு முடிந்திருக்கும். குளிரூட்டி இல்லாத வீட்டில் வன்னி வெயிலுக்குப் பச்சைப் பால் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். காய்ச்சித் தயிர் போடலாம்தான், ஆனால் எல்லா நாளும் தயிருக்கு ஆள் கிடைக்காது. எனவே 'முதல்நாள் மாலை 6 மணி' என்ற எல்லை கறக்கும் நேரத்தில் இருந்து வருவது. அதை அந்தக் காரணத்தோடு சொன்னால் வாங்குபவரும் ஏற்றுக்கொள்வார். அறிவிப்புக் குறுஞ்செய்தியாகவோ வட்ஸ்அப்பிலோ வரவேண்டும். மிஸ்ட் கோலை வைத்து யாரும் கணக்குத் தீர்க்க முடியாது.

நிறுத்தம் விற்பவர் பக்கத்திலும் உண்டு என்பதைப் பல அறிவித்தல்கள் மறைத்துவிடுகின்றன. கன்று ஈன்ற முதல் நாட்களின் கடும்புப்பால் வீட்டு விநியோகத்துக்கு உரியதல்ல. மடிநோய்க்கு ஊசி போட்டால், கால்நடை வைத்தியர் சொல்லும் நாட்கள் வரை அந்தப் பாலை விற்கக்கூடாது. அந்த நாட்களுக்குக் காசு எடுக்கப்படாது என்று எழுதிவைக்கிற விற்பனையாளரை நான் நம்புவேன். ஊசி போட்ட மாட்டின் பாலை ஒருவர் ஊற்றாமல் விடுவதற்கு அந்த வரியே ஒரு பிடிமானம்.

மூன்றாவது, கணக்குக் காலம். சென்னையில் ஆவின் நிறுவனத்தின் மாதாந்தப் பால் அட்டை 16ஆம் திகதி தொடங்கி அடுத்த மாதம் 15ஆம் திகதி முடிவது. காசு முற்பணம். அதற்கு ஈடாக அட்டைக்காரருக்கு விலை குறைவு. 2022 நவம்பரில் செம்மஞ்சள் உறைப் பால் லீற்றர் 48 ரூபாவில் இருந்து 60 ரூபாவாக ஏறியபோதும், அட்டைக்காரருக்கு 46 ரூபாவிலேயே நின்றது. முற்பணம் தருபவருக்கு அதனால் நன்மை இருந்தது. எங்கள் ஊரில் ஒரு மாட்டுக்காரர் அப்படி விலை குறைத்து முற்பணம் கேட்க முடியாது. கடன் தவணைகளால் அடிபட்ட சனமும் முன்கூட்டிக் காசு கொடுக்கத் தயங்கும். இங்கே பொருந்துவது சம்பள நாளை ஒட்டிய கணக்கு: 26ஆம் திகதி தொடங்கி 25இல் முடிவது. கூலி வேலை செய்யும் வீட்டுக்கு அது பொருந்தாது. அங்கே கிழமைக் கணக்குத்தான் இரு பக்கத்துக்கும் நல்லது.

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கப் போத்தல் 150 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு நாளுக்கு 2 போத்தல் எடுக்கிறது. மே 26 முதல் ஜூன் 25 வரை 31 நாட்கள், ஆக 62 போத்தல். வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கியதால் மூன்று நாள் பால் வேண்டாம். ஆனால் முதல் நாளுக்கான செய்தி இரவு 9 மணிக்குத்தான் வந்தது. நிபந்தனைப்படி அந்த நாள் கணக்கில் சேரும், மற்ற இரண்டு நாளின் 4 போத்தல் கழியும். மாட்டுக்குச் சுகமில்லாமல் ஒரு நாள் பால் வரவில்லை, இன்னும் 2 கழியும். பிறந்தநாளுக்கு மேலதிகமாக 2 போத்தல் எடுத்தார்கள். மொத்தம் 58 போத்தல், 8,700 ரூபா. அந்த வீட்டம்மா மூன்று நாளையும் கழித்து 8,400 என்று எண்ணிவைத்திருப்பார். இந்த 300 ரூபாதான் பல இடங்களில் பால் நிற்கக் காரணமாகிறது. நிபந்தனை முன்பே கையில் இருந்தால் அது ஒரு பேச்சோடு முடியும்.

அதற்கு ஒரே மாதிரி இரண்டு மட்டைகள் போதும். ஒன்று வாங்குபவர் வீட்டில், மற்றது விற்பவரிடம். பால் ஊற்றும்போதே இரண்டிலும் அன்றைய எண்ணை எழுதவேண்டும். மாத முடிவில் நினைவில் இருந்து நிரப்பினால் அந்த மட்டையால் பயனில்லை.

அறிவித்தலை இப்படி எழுதலாம்:

"கறந்த பசும்பால், காலை 6 முதல் 7 மணிக்குள் உங்கள் வாசலில். போத்தல் (750 மி.லீ.) 150 ரூபா. காய்ச்சிப் பருகவும். நிறுத்தவோ கூட்டவோ முதல்நாள் மாலை 6 மணிக்கு முன் செய்தி அனுப்பவும்; பிந்தினால் முதல் நாள் பால் கணக்கில் சேரும். நாங்கள் தராத நாளுக்குக் காசில்லை. கணக்கு 26 முதல் 25 வரை. அடுத்த மாதம் 5ஆம் திகதிக்குள் செலுத்தவும். கிழமைக் கணக்கும் உண்டு. விலை மாறினால் அடுத்த கணக்கில் இருந்தே மாறும்."

கடைசி வரியை விட்டுவிடக்கூடாது. தவிட்டு விலை ஏறிய நாளிலேயே பால் விலையையும் ஏற்றினால், ஒரே மாதத்துக்கு இரண்டு விலையில் கணக்குப் பார்க்க நேரும்.

இன்னொன்று, எத்தனை வீடுகளை எடுப்பது? மாடு அடுத்த கன்றுக்கு முன்னர் ஏறத்தாழ இரண்டு மாதம் பால் வற்றவிடப்படவேண்டும். அதற்கு முந்திய கிழமைகளிலேயே பால் குறையத் தொடங்கும். ஒரே மாட்டை வைத்து, அது அதிகம் கறக்கும் காலத்துப் பாலுக்கு ஏற்ப வீடுகளைச் சேர்த்தவர், பின்னர் தண்ணீர் கலக்கவோ வீடுகளை இழக்கவோ நேரும். குறைந்த காலத்துப் பாலை அளந்து, அந்த அளவுக்கு மட்டும் மட்டை கொடுத்து, மிச்சத்தைச் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவதே கணக்கான வழி. வற்றும் மாதங்களில் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுப் பாலை ஊற்றுவதானால், அது யாருடைய பால் என்பதை வாங்குபவருக்கு முதலே சொல்லிவிடவேண்டும்.