சுட்ட கையும் சுடாத காலும்

கலைந்து கிடக்கும் ஐந்து பெயர்கள்

பள்ளி மாணவருக்குக் கொடுக்கப்படும் பயிற்சித்தாள் ஒன்றில் ஐந்து பெயர்கள் முறை மாறிக் கிடக்கின்றன: இயக்க நியூரான், உணர்வேற்பி, செயற்படு உறுப்பு, இணைப்பு நியூரான், உணர்ச்சி நியூரான். அடுப்பிலிருக்கும் வாணலியின் காதைத் துணியில்லாமல் தொட்டுவிட்ட கை, தொட்ட மாத்திரத்தில் பின்னே இழுத்துக்கொள்ளும் அனிச்சைச் செயலில், இவை எந்த வரிசையில் தொழிற்படுகின்றன என்று எழுதச் சொல்வது முதல் வினா. நாமாக எண்ணிச் செய்யும் செயலைக்காட்டிலும் இது விரைவாக நிகழ்வதன் காரணத்தைக் கேட்பது இரண்டாம் வினா.

முதல் வினாவுக்கு விடை இது: உணர்வேற்பி, உணர்ச்சி நியூரான், இணைப்பு நியூரான், இயக்க நியூரான், செயற்படு உறுப்பு. இவ்வரிசையை மனனம் செய்து எழுதுகிற பிள்ளைகூட, உணர்வேற்பி எது என்று கேட்டால் ‘கை’ என்றும், செயற்படு உறுப்பு எது என்று கேட்டால் மறுபடியும் ‘கை’ என்றும் சொல்லிவிடும். உணர்வேற்பி என்பது விரல்நுனித் தோலுக்குள் பரவியிருக்கும் நுண்ணிய நரம்பு முனை. செயற்படு உறுப்போ முழங்கையை மடக்குகிற மேற்கைத் தசை. இரண்டும் ஒரே அவயவத்தில் இருந்தபோதிலும், முன்னதிலிருந்து பின்னதற்குச் செய்தி நேர்வழியாகப் போவதில்லை. கழுத்து வரையில் சென்று, அங்குள்ள தண்டுவடத்தைத் தொட்டு, பிறகே திரும்புகிறது. வளைந்து சென்று வளைந்து மீள்வதாலேயே இப்பாதைக்கு அனிச்சை வில் என்று பெயர்.

விரல்நுனியிலிருந்து கழுத்துக்கு

இப்பிரயாணத்தைச் சற்று நின்று கவனிப்போம். விரல்நுனியில் தொடங்கும் உணர்ச்சி நியூரான், பல செல்கள் கோத்த சங்கிலியன்று; தன் உடலைத் தண்டுவடத்துக்கு வெளியே ஒரு சிறு முடிச்சில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழை நீட்டியிருக்கும் ஒரே செல். சுரீரென்ற வலியைச் சுமந்துவரும் மெல்லிய இழைகளில் செய்தி நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொண்டால், விரலிலிருந்து கழுத்தை எட்ட நொடியில் நூற்றில் ஆறு பங்கு செல்லும்.

தண்டுவடத்துக்குள் அது இணைப்பு நியூரானைச் சந்திக்கிறது. இந்த இடைத்தரகன் எதற்கு என்று தோன்றலாம். முழங்கையை மடக்க வேண்டுமானால் மடக்கும் தசை சுருங்கினால் மட்டும் போதாது. அதே க்ஷணத்தில் நீட்டும் தசை தளர்ந்தும் கொடுக்க வேண்டும். ஒரே செய்தியைப் பெற்று, ஒரு தசைக்கு ‘சுருங்கு’ என்றும் எதிர்த்தசைக்கு ‘விட்டுக்கொடு’ என்றும் இரு கட்டளைகளாகப் பிரித்தளிப்பது இந்த இணைப்பு நியூரான்களின் வேலை. ஒரு நியூரானிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி தாவும் சந்திப்பு ஒவ்வொன்றிலும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதமே ஏற்படுகிறது. அப்பால் இயக்க நியூரானின் தடித்த இழை, நொடிக்கு 50 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் கட்டளையைத் தசைக்குச் சேர்ப்பித்துவிடும். தோலில் சூடு உறைத்தது முதல் தசை அசையத் தொடங்குவது வரையில் எல்லாம் சேர்த்து, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

தூரமா, யோசனையா?

இரண்டாம் வினாவுக்கு, ‘செய்தி மூளைவரை போகாமல் தண்டுவடத்தோடு திரும்பிவிடுகிறது, தூரம் குறைவு, ஆகவே விரைவு’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அவ்விடை பிழையன்று, ஆயினும் உண்மையின் பெரும்பகுதி அதற்கு வெளியே நிற்கிறது. கழுத்திலிருந்து மூளையின் மேற்புறத்துக்கு 25 சென்டிமீட்டர் இருக்கலாம்; போகவர அரை மீட்டர். முன்னே சொன்ன வேகங்களில் அதைக் கடக்க நொடியில் நூற்றில் இரண்டு பங்கு போதும். எண்ணிச் செய்யும் செயலின் தாமதத்துக்குத் தூரமே காரணமாக இருந்தால், அனிச்சைச் செயலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு அற்பமாகவே இருந்திருக்க வேண்டும்.

பிரத்தியட்சத்தில் அப்படியில்லை. ‘விரலைத் தொட்டதும் பொத்தானை அழுத்து’ என்று ஒருவரிடம் சொல்லி வைத்து அளந்தால், அவர் அழுத்துவதற்கு நொடியில் நூற்றில் பதினைந்து பங்கு அளவில் பிடிக்கிறது. ஸ்பரிசத்தைச் சுமக்கும் இழைகளோ வலி இழைகளைவிடப் பன்மடங்கு வேகமானவை. ஆதலால் அந்தச் செய்தி மூளைக்குச் சென்று கட்டளையாகக் கைக்குத் திரும்பும் பிரயாணத்துக்கு நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் ஆகாது. எஞ்சிய பொழுதில் பெரும்பகுதி மூளைக்குள்ளேயே செலவாகிறது: வந்தது என்ன என்று அறிவதிலும், செய்யத்தக்கது எது என்று தேர்வதிலும், அதற்குரிய தசைகளை ஏவுவதிலும், சந்திப்புக்குமேல் சந்திப்பாக எண்ணிறந்த நியூரான்கள் அங்கே கலந்து பேசுகின்றன.

தேர்வுக்கு விலையுண்டு என்பதை ஹாலந்து தேசத்து உடலியலறிஞர் டொண்டர்ஸ் 1860களிலேயே அளந்து காட்டினார். பாதத்தில் இலேசான மின் அதிர்ச்சி கொடுத்து, எந்தப் பாதத்தில் பட்டதோ அந்தப் பக்கத்துக் கையை அசைக்கச் சொன்னார். எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தபோது ஆன காலத்தைவிட, தெரியாதபோது நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு அதிகமாயிற்று. பாதமும் அதே, கையும் அதே, வழியின் நீளமும் அதே. கூடியது ‘இடமா, வலமா’ என்ற ஒரு தீர்மானம் மட்டுமே.

அனிச்சை வில்லில் இத்தகைய தீர்மானத்துக்கு இடமே இல்லை. எந்த இழை எந்த இணைப்பு நியூரானை எழுப்ப வேண்டும், அது எந்தத் தசையை ஏவ வேண்டும் என்பதெல்லாம் நாம் பிறக்குமுன்பே வழிவகுத்து வைக்கப்பட்டவை. ஆகவே பயிற்சித்தாளின் இரண்டாம் வினாவுக்கு, ‘வழி குறுகியது, சந்திப்புகள் சில, தேர்வு ஏதுமில்லை’ என்று மூன்றையும் சேர்த்து எழுதுவதே நிறைவான விடை.

கை முந்தும், வலி பிந்தும்

மூளைக்குச் செய்தியே போவதில்லை என்று சில மாணவர் எழுதுவது தவறு. தண்டுவடத்தில் கிளை பிரிந்து அது மேலும் செல்லத்தான் செய்கிறது. ஆனால் அது பிரக்ஞையில் படியுமுன்பே கை விலகிவிடுகிறது. சூடு பட்ட அனுபவத்தை நினைத்துப் பாருங்கள்: கை இழுபடுகிறது, பிறகு ‘ஸ்’ஸென்று ஓர் ஊசிக்குத்து, அதற்கும் பிறகு ஏறக்குறைய ஒரு நொடி கழித்து, தணியாத காந்தல். இந்தக் காந்தலைக் கொண்டுவருவது நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்துவரும் வேறொரு வகை இழை. 90 சென்டிமீட்டர் கடக்க அதற்கு ஒரு நொடி வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

மூளை தண்டுவடத்தின்மேல் அதிகாரமற்றதுமன்று. கொதிக்கும் பாலோடு பாத்திரத்தை இறக்கும் தாய், காலடியில் குழந்தை தவழக் கண்டால், கை சுட்டாலும் விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தை மேடைமேல் வைத்துவிடுகிறாள். முன்னெச்சரிக்கையோடு இருக்கும் மூளை கீழே தடையுத்தரவு அனுப்பி, வில்லைப் பூட்டிவைக்கிறது. பக்கவாதத்தில் இத்தடை அறுபடும்போது, பாதிக்கப்பட்ட பக்கத்தில் முழங்கால் அனிச்சை நாளடைவில் அளவுக்கு மிஞ்சி உதைப்பதை மருத்துவர்கள் காண்கிறார்கள்.

அந்த முழங்கால் அனிச்சையில் பயிற்சித்தாளின் வரிசையும் சற்று மாறும். சிறு சுத்தியலால் தட்டுவது முழங்காற் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாணைத்தான் என்றாலும், அங்கே உணர்வேற்பி முழங்காற் தோலன்று. தொடைத் தசைக்குள் இருந்து அதன் நீட்சியை அளக்கும் நுண்ணுறுப்பு. மேலும், காலை உதைக்கும் தசைக்குச் செல்லும் வழியில் இணைப்பு நியூரான் இல்லை. உணர்ச்சி நியூரான் நேரே இயக்க நியூரானைத் தொடுகிறது. ஐந்து பெயர்கள் அங்கே நான்காகிவிடுகின்றன.

வீட்டில் ஒரு பரிசோதனை

ஒருவர் முப்பது சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்க, அதன் பூஜ்யக் குறிக்கு நேரே விரல்களை விரித்துக்கொண்டு மற்றவர் காத்திருந்து, அது விழத் தொடங்கியதும் பிடிக்கட்டும். 20 சென்டிமீட்டர் குறியில் பிடிபட்டால், விழும் பொருளின் கணக்குப்படி சென்ற காலம் நொடியில் பத்தில் இரண்டு பங்கு. 15 சென்டிமீட்டரானால் நூற்றில் பதினேழு. இதை அனிச்சைச் செயலென்று பிள்ளைகள் எழுதிவிடுவதுண்டு. அனிச்சையா அன்றா என்று அறிய எளிய வழி, ‘பிடிப்பதில்லை’ என்று தீர்மானித்துக்கொண்டு மறுபடி செய்து பார்ப்பதே. அளவுகோல் தடையின்றித் தரையில் விழும். ஆகவே இது எண்ணிச் செய்யும் செயல்.

கண்ணி அறுந்தால்

இனி, வரிசையின் இரண்டாம் பெயரை அழித்துவிட்டுப் பார்ப்போம். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள ஒருவர், சித்திரை மாதத்து உச்சிவேளையில் கோவிற் பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றி வருகிறார். மற்றவர்கள் கால் மாற்றிக் கால் வைத்துத் துள்ளி ஓட, அவர் நிதானமாகவே நடக்கிறார். ‘எனக்குச் சுடவில்லை’ என்று சற்றுப் பெருமையும் கொள்கிறார். மறுநாள் காலையில் உள்ளங்காலில் கொப்புளம். அதையும் அவராகக் காண்பதில்லை, தரையில் ஈரத்தடம் கண்டு வீட்டார் சொல்லித்தான் அறிகிறார்.

அவருடைய தசைக்குப் பலக்குறைவில்லை; தண்டுவடமும் பழுதன்று. நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரை, உடலிலேயே மிக நீண்டவையாகிய பாதத்து உணர்ச்சி இழைகளை நுனியிலிருந்து அரித்துவிட்டது. செய்தி புறப்படாதபோது தண்டுவடம் எதைக் கொண்டு கட்டளையிடும்? வலி தெரியாமல் போவது மட்டும் நஷ்டமன்று. வலி தெரிவதற்கு முன்பே காலைத் தூக்கிவிடும் காவலும் கூடவே போய்விடுகிறது. தொழுநோயில் கை நரம்பு கெட்டவர்கள் அடுப்படியில் அறியாமலே விரலைச் சுட்டுக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

மருத்துவர் இதைக் கண்டறியும் வழிகள் எளியவை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் ஊன்றி, கண்ணை மூடியிருப்பவர் அதை உணர்கிறாரா என்று கேட்பார். குதிகால் நாணைத் தட்டி, பாதம் கீழ்நோக்கி அசைகிறதா என்று பார்ப்பார். முதியோர் சிலரிடம் நோயில்லாமலே இந்தக் குதிகால் அனிச்சை மறைந்திருப்பதுண்டு. ஆகையால் அதை மட்டும் கொண்டு முடிவு கட்டுவதில்லை.

உணர்ச்சி குன்றிய காலுக்கு, போன காவலின் இடத்தில் கண்ணையும் பழக்கத்தையும் வைக்க வேண்டும். இரவு படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதும், வெந்நீரின் சூட்டைக் காலால் சோதியாமல் முழங்கையால் சோதிப்பதும், செருப்பை மாட்டுமுன் உள்ளே கல்லோ முள்ளோ உண்டா என்று தடவிப் பார்ப்பதும், பிராகாரத்தைச் சுற்றுவதை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்வதும் அவ்வகையைச் சேர்ந்தவை. அனிச்சையாக நிகழ்ந்துவந்த ஒன்றை இனி எண்ணிச் செய்ய வேண்டியிருக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கில் நடந்துவிடும் அந்த வேலையை எண்ணத்தால் செய்ய இயலாது. ஆதலால் கால் சுடுகல்லில் படுவதற்கு முன்பே எண்ணிக்கொள்ள வேண்டும்.