எட்டும் ஐந்தும்: மூன்று டேப்பில் ஒரு வரிசை

1959-ல் ஐபிஎம் அறிவித்த 1401 கணினியைப் பல நிறுவனங்கள் 4,000 எழுத்து நினைவகத்தோடுதான் வாங்கின. 80 எழுத்து கொண்ட துளை அட்டைகளாகக் கணக்கிட்டால் வெறும் 50 அட்டை. வேலையைச் செய்யும் நிரலும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் 50,000 பாலிசிகள் வந்த ஒழுங்கில் டேப்பில் பதிவாகிக் கிடக்கின்றன, அவற்றை எண் வரிசைப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் நினைவகத்துக்குள் வருவது இருபது, முப்பது பதிவுகள்தான்.

டேப்பில் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது. அன்றைய ஒரு ரீலின் நீளம் 2,400 அடி. ஐபிஎம் 729 டிரைவின் இரண்டாம் மாதிரி அதை விநாடிக்கு 75 அங்குலம் ஓட்டியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் டேப்பில் வரிசைப்படுத்தும் எவரும் முதலில் கேட்ட கேள்வி, மொத்தப் பதிவுகளையும் எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்பதே.

தொடக்கம் எல்லா முறைகளுக்கும் பொது. நினைவகம் கொள்ளும் அளவு பதிவுகளை எடுத்து, வரிசையாக்கி, ஒரு டேப்பில் எழுதுகிறோம். இந்த வரிசையான துண்டைச் சரம் என்று சொல்வோம். பிறகு அடுத்த சரம். இரண்டு டேப்பில் இரண்டு சரங்கள் இருந்தால், ஒவ்வொன்றின் தலைப் பதிவையும் பார்த்து, எது சிறியதோ அதை மூன்றாவது டேப்பில் எழுதிக்கொண்டே போனால் இரண்டும் கலந்து ஒரே நீளச் சரம் ஆகிவிடும். சரம் எவ்வளவு நீளமானாலும், இணைக்கும்போது நினைவகத்தில் வேண்டியது இரண்டு பதிவுக்கான இடம்தான். சிறிய நினைவகத்தில் பெரிய கோப்பை வரிசைப்படுத்த முடிவது இதனால்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. நம்மிடம் மூன்று டேப்பும் 13 சரங்களும் இருக்கின்றன. ஏறக்குறையச் சமமாக A-வில் ஏழு, B-யில் ஆறு என்று பிரித்து C-க்கு இணைக்கிறோம். இப்போது எல்லாம் C-யில் ஏழு சரங்களாக இருக்கின்றன, மற்ற இரண்டும் காலி. ஒரே டேப்பில் இருப்பதை இணைக்க முடியாது. மறுபடியும் A-வுக்கும் B-க்கும் பிரித்து நகல் எடுக்க வேண்டும். அந்த நகலில் எந்தச் சரமும் நீளமாகவில்லை, நேரம் மட்டும் போயிற்று. 13 சரம் 7 ஆகி, 4 ஆகி, 2 ஆகி, 1 ஆக நான்கு இணைப்பும் இடையில் மூன்று நகலும் தேவை. ஏழு முறை முழுக் கோப்பும் ஓடுகிறது.

1960-ல் ஹனிவெல் நிறுவனத்தின் கில்ஸ்டாட் ஒரு கணினி மாநாட்டுக் கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். பாலிஃபேஸ் மெர்ஜ் என்பது அவர் வைத்த பெயர். சாரம் இதுதான்: சமமாகப் பிரிக்காதீர்கள்.

A-வில் எட்டு, B-யில் ஐந்து சரம் வைப்போம். ஐந்து ஜோடிகளை இணைத்து C-யில் எழுதியதும் B தீர்ந்துவிடும். A-வில் இன்னும் மூன்று பாக்கி. C-யில் இரட்டை நீளச் சரங்கள் ஐந்து. இப்போது நகல் எதுவும் வேண்டாம், காலியான B-யே அடுத்து எழுத வேண்டிய டேப். A-வின் மூன்றையும் C-யின் மூன்றையும் இணைத்து B-யில் எழுதினால் A காலி. B-யில் மும்மடங்கு நீளத்தில் மூன்று, C-யில் இரட்டை நீளத்தில் இரண்டு. அடுத்த சுற்றில் C காலியாகிறது: A-வில் ஐந்து மடங்குச் சரம் இரண்டு, B-யில் மும்மடங்கு ஒன்று. அதற்கடுத்து B காலியாகி, A-வில் ஐந்து மடங்கு ஒன்றும் C-யில் எட்டு மடங்கு ஒன்றும் நிற்கின்றன. கடைசியாக அவை இணைந்து 13 மடங்கு நீளத்தில் ஒரே சரம்.

சுற்று ஐந்து. ஆனால் கடைசிச் சுற்றைத் தவிர எதிலும் முழுக் கோப்பும் ஓடவில்லை. சுற்றுகளில் நகர்ந்தவை 10, 9, 10, 8, 13 சர அளவுகள், மொத்தம் 50. முந்தைய வழியில் இது 91. நகல் எடுக்கும்போது பாதியை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடித்தாலும் எழுபதுக்குக் கீழே இறங்காது.

எட்டும் ஐந்தும் எங்கிருந்து வந்தன? முடிவிலிருந்து பின்னோக்கிப் போனால் கிடைக்கும். கடைசிச் சுற்றுக்கு முன் ஒன்றும் ஒன்றும். அதற்கு முன் இரண்டும் ஒன்றும், அதற்கு முன் மூன்றும் இரண்டும், பிறகு ஐந்தும் மூன்றும், எட்டும் ஐந்தும். ஃபிபனாச்சி எண்கள்தான். டேப் நான்கானால், முந்தைய மூன்று எண்களைக் கூட்டிவரும் தொடர் இதன் இடத்தைப் பிடிக்கும்.

நிஜத்தில் சரங்கள் 13 என்று கச்சிதமாக வந்து நிற்பதில்லை. 11 வந்தால் இரண்டு போலிச் சரங்களைச் சேர்க்கிறோம். அவை டேப்பில் எழுதப்படுவதில்லை, நினைவகத்தில் ஓர் எண்ணிக்கையாக மட்டும் இருக்கும். அவற்றை எங்கே இருப்பதாக வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். A-வின் முதல் சரம் ஐந்து சுற்றிலும் ஓடுகிறது, எட்டாவது சரமோ மூன்றில் மட்டும். போலிகளை A, B இரண்டின் தலையில் ஒவ்வொன்றாக வைத்தால் 50-ல் பத்து மிச்சம், A-வின் வாலில் வைத்தால் ஆறுதான்.

ஒரு பொல்லாத பிழையும் உண்டு. முந்தைய பதிவைவிடச் சிறிய எண் வந்தால் புதிய சரம் என்றுதான் பல நிரல்கள் எல்லையைக் கண்டுபிடித்தன. B-யில் ஒரு சரம் 4120-ல் முடிந்து, அடுத்த சரம் தற்செயலாக 4385-ல் தொடங்குகிறது என்றால், படிக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஐந்து என்று நினைத்த இடத்தில் நான்கு. முதல் சுற்று முடிவில் A-வில் நான்கு, C-யில் நான்கு. அடுத்த சுற்றில் இரண்டும் ஒரே நேரத்தில் காலியாகி, B-யில் நான்கு சரத்தோடு வேலை நின்றுவிடும். முடியும் முன்பே இரண்டு டேப் சேர்ந்து தீர்ந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். சரத்தின் முடிவில் ஓர் அடையாளப் பதிவை எழுதுவது நல்ல மருந்து. அல்லது ஒவ்வொரு டேப்பிலும் கடைசியாக எழுதிய எண்ணை நினைவில் வைத்து, இரண்டு சரம் ஒட்டிக்கொண்டால் அதை ஒன்றாகவே எண்ணலாம்.

நினைவகச் சிறுமை இணைப்பிலும் விட்டுவைக்கவில்லை. 729 டிரைவில் அங்குலத்துக்கு 556 எழுத்து பதியும் என்றால், 80 எழுத்துப் பதிவுக்கு ஏழில் ஒரு பங்கு அங்குலம் போதும். ஆனால் பதிவுக்கும் பதிவுக்கும் இடையே முக்கால் அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். ஒவ்வொரு பதிவையும் தனியாக எழுதினால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெறும் டேப்தான் ஓடும். பத்துப் பத்தாகத் தொகுத்து எழுதினால் இடைவெளி குறையும், ஆனால் மூன்று டேப்புக்கும் 800 எழுத்து வீதம் 2,400 எழுத்து இடம் போய்விடும். டேப்பைக் கூட்டினால் சுற்று குறையும், தொகுப்பும் சிறுத்துவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தீர்ந்த டேப்பையும் எழுதிய டேப்பையும் ரீவைண்ட் செய்து காத்திருக்க வேண்டும். நகர்ந்த சரங்களை மட்டும் எண்ணும் கணக்கில் இந்த நேரம் தெரியாது.

டேப் டிரைவுகள் போன பின்னும் இந்த முறை நெடுநாள் வாழ்ந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருள், நினைவகத்தில் அடங்காதவற்றை வரிசைப்படுத்த, வட்டில் கற்பனை டேப்புகளை வைத்துக்கொண்டு (`logtape.c` என்ற கோப்பு அதற்குத்தான்) பாலிஃபேஸ் முறையையே பயன்படுத்தியது. 2022-ல் வந்த 15-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, சமமாகப் பிரித்து இணைக்கும் எளிய முறையை வைத்தார்கள். வட்டில் கற்பனை டேப் ஒன்றைக் கூட்ட டிரைவ் வாங்க வேண்டியதில்லை, கொஞ்சம் நினைவகம் ஒதுக்கினால் போதும். படிக்கும் டேப் நூறு இருந்தால் ஒரே சுற்றில் நூறு சரத்தை இணைத்துவிடலாம். பாலிஃபேஸ் மிச்சம் பிடித்தது கையில் மூன்று, நான்கு, ஆறு டிரைவே இருந்தபோதுதான்.