வரமும் அச்சமும்: கந்தபுராணச் சூரபன்மனும் மணிமேகலை ஆபுத்திரனும்

ஆய்வுச் சுருக்கம்

தவம் செய்வோரைக் கண்டு தேவர்கள் அஞ்சுதல் தமிழ்ப் புராண, காப்பிய மரபில் மீண்டும் மீண்டும் வரும் நிகழ்ச்சியாகும். தவத்தால் பெற்ற வரம் தேவர்க்கு எதிராகத் திரும்பும் என்பதே இவ்வச்சத்தின் காரணமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. வரம் பெற்ற சூரபன்மன், வரத்தை மறுத்த ஆபுத்திரன் ஆகிய இருவரின் கதைகளை ஒப்பிடும் இக்கட்டுரை, வரம் கேட்காத நோன்பாளியே தேவர்கோனுக்குத் தீராத சிக்கலாக இருக்கிறான் என்பதை எடுத்துரைக்கிறது. வரம் என்பது தவத்தின் பயன் மட்டுமன்று, தவத்துக்கு இடப்படும் எல்லையும் ஆகும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: தவம், வரம், இந்திரன், சூரபன்மன், ஆபுத்திரன், பாண்டுகம்பளம்.

முன்னுரை

வத்தலக்குண்டிலிருந்து செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்குச் செல்லும் சாலையில் தைப்பூசக் காலத்தில் மாலையணிந்து நடப்போரைக் காணலாம். ஒருவேளை உணவு, வெறுங்கால், காவடி என அவர்கள் உடலை வருத்திக்கொள்வது ஒரு வேண்டுதலுக்காக. அதே பழநியில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் நான்கு கிரிவீதிகளிலும் சூரசம்காரம் நடைபெறும். வடக்கில் தாரகாசூரனும் கிழக்கில் பானுகோபனும் தெற்கில் சிங்கமுகனும் மேற்கில் சூரபன்மனும் வீழ்வர். இவ்வாறு வீழ்வோருள் முதன்மையானவனாகிய சூரபன்மனும் ஒரு காலத்தில் உடலை வருத்தி நோற்று வேண்டியது பெற்றவனே. நோன்பின் வடிவத்தை மட்டும் நோக்கினால் அடியவனுக்கும் அசுரனுக்கும் வேறுபாடு இல்லை. அப்படியாயின் ஒருவன் நோன்பு வாழ்த்தப்படுவதும் மற்றவன் நோன்பு அஞ்சப்படுவதும் ஏன் என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

தவம் சார்பற்ற ஆற்றல்

தவம் என்னும் சொல்லோடு தொடர்புடைய வடசொல்லாகிய தபஸ், வெம்மை என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. வெம்மை, தன்னைப் பெருக்குபவன் நல்லவனா தீயவனா என்று பார்ப்பதில்லை. திருக்குறளின் 27ஆம் அதிகாரமாகிய தவம், பகைவரை அழித்தல், வேண்டியவரை உயர்த்துதல் ஆகிய இரண்டையும் தவத்தின் பயனாக ஒரே குறளில் (264) வைக்கிறது. நீத்தார் பெருமையில் வரும் 25ஆம் குறள், ஐம்புலன் அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனையே சான்றாகக் காட்டுகிறது. ஐம்புலன் அடக்காது அவன் சாபம் எய்தியதை அதற்கு விளக்கமாகத் தருகிறார் பரிமேலழகர். தேவர்கோன் இங்கே தவத்துக்குத் தலைவனாக நிற்கவில்லை. தவத்தால் தாக்கப்பட்டவனாகவே சான்று பகர்கிறான்.

இந்திரனின் நிலையும் ஈட்டப்பெற்றதே. நூறு வேள்வி முடித்தவன் என்னும் பொருளில் அவனுக்குச் சதமகன் என்று பெயர். இந்திரன் என்பது ஒருவனின் இயற்பெயராக இருப்பதைவிட ஒரு பதவியின் பெயராகவே மரபில் இயங்குகிறது. முயற்சியால் பெற்ற பதவியை அதனினும் பெரிய முயற்சி உடையவன் பெறக்கூடும். ஆகவே தேவர் அச்சத்தைக் கோழைமை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. அப்பதவியின் அமைப்பிலேயே அச்சம் உள்ளது.

சூரபன்மன்: தவம் வரமாகும் முறை

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் ஆறு காண்டங்களை உடையது. அவற்றுள் இரண்டாவதாகிய அசுரகாண்டம் சூரபன்மன் வரம்பெற்ற வரலாற்றைப் படிப்படியாக விரிக்கிறது. காசிபனுக்கும் மாயைக்கும் பிறந்த சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் ஆகிய மூவருக்கும் முதலில் தந்தை அறிவுரை கூறுகிறான். தவத்தின் மேன்மைக்குச் சான்றாக மார்க்கண்டேயன் கூற்றுவனை வென்ற கதையை அவன் எடுத்துரைக்கிறான். அடுத்துத் தாயாகிய மாயை பேசுகிறாள். செல்வமும் ஆட்சியுமே அடையத்தக்கவை என்றும், அவற்றைப் பெற வேள்வி செய்க என்றும் அவள் ஏவுகிறாள்.

இவ்விரு அறிவுரைகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. தந்தை, தாய் இருவருமே உடலை வருத்தும் முயற்சியை விலக்கவில்லை. முயற்சி ஒன்றே, நோக்கமே இரண்டு. மைந்தர் தாயின் நோக்கத்தைத் தேர்ந்தனர். காசிபனின் சொல் பயனற்றுப் போனதற்குக் காரணம் அவன் தவத்தைக் குறைத்துச் சொன்னது அன்று. அவன் தவத்தை உயர்த்திச் சொன்னதையே மைந்தர் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டனர்.

வடதிசையில் சூரபன்மன் நெடுங்காலம் வேள்வி செய்தான். சிவபெருமான் தோன்றவில்லை. தன் தசையை அரிந்து தீயிலிட்டான். அப்போதும் பயனில்லாமற் போகவே தானே தீயில் வீழ்ந்தான். தமையன் மாண்டான் எனத் துயருற்ற சிங்கமுகன் தன் தலைகளை அரிந்து தீயிலிடத் தொடங்கினான். அந்நிலையில் சிவபெருமான் முதியவர் வடிவில் வந்து, கங்கைநீரால் தீயை அவித்துச் சூரபன்மனை எழச்செய்தார். முதலில் பொருளும் அடுத்து உடலின் பகுதியும் இறுதியில் உயிரும் என்று ஈகை ஏறிக்கொண்டே செல்கிறது. கொடுப்பதற்கு இனி எதுவும் இல்லை என்னும் எல்லையில்தான் வரம் வருகிறது. வேறுவகையிற் சொன்னால், எல்லாவற்றையும் பெற விரும்பியவன் அதற்குமுன் எல்லாவற்றையும் துறந்திருக்கிறான். துறவின் முழுமையும் ஆசையின் முழுமையும் ஒருவனிடத்திலேயே கூடியிருப்பதுதான் அசுரத் தவத்தின் தனித்தன்மை.

அவன் பெற்றவற்றையும் நோக்கவேண்டும். 1008 அண்டங்களின் ஆட்சி, 108 யுகங்களின் வாழ்வு, வச்சிர யாக்கை, இந்திரஞாலத் தேர், படைக்கலங்கள், சிவனின் ஆற்றலன்றிப் பிறிதொன்றால் அழிவின்மை ஆகியன அவனுக்குக் கிட்டின. இவை மிகப் பெரியனவாயினும் எண்ணுக்கு உட்பட்டவை. 108 யுகம் என்பதற்கு ஒரு முடிவுநாள் உண்டு. ‘சிவனின் ஆற்றலன்றி’ என்பதற்குள் சிவனின் நெற்றிக்கண்ணிற் பிறந்த குமரனுக்கு வழி திறந்தே இருக்கிறது. இரணியன் வரத்திலும் இதே அமைப்பைக் காணலாம். மனிதனாலும் விலங்காலும் இல்லை, பகலிலும் இரவிலும் இல்லை என்று அவன் அடுக்கிய விலக்குகளுக்கு இடைப்பட்ட அந்திப்பொழுதிலும் நரசிங்க வடிவிலும் அவன் முடிவு வந்தது. திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் இரணிய வதம் சிற்பமாக நிற்கிறது. வரம் கேட்பவன் அதைச் சொற்களால் கேட்கிறான். சொற்களால் வரையறுக்கப்பட்ட எதற்கும் புறம் என ஒன்று உண்டு.

சூரபன்மன் ஆட்சியில் தேவர்கள் ஏவலர் ஆயினர். அசுரர்க்கு மீனும் ஊனும் கொண்டுவரப் பணிக்கப்பட்டனர். இந்திரன் சீகாழியில் மறைந்து வாழ்ந்தான். அவன் மகன் சயந்தன் சிறைப்பட்டான். அச்சம் மெய்யாகிய நிலை இது. எனினும் நூலின் இறுதிக் காண்டமாகிய தக்ககாண்டம் இத்துன்பத்துக்கு வேறொரு காரணத்தை முன்வைக்கிறது. எமக்கு இத்துயர் வந்தது ஏன் எனச் சயந்தன் வினவ, சிவனை இகழ்ந்து தக்கன் செய்த வேள்வியில் தேவர்கள் பங்கேற்றதன் விளைவு அது என்கிறார் வியாழகுரு. அசுரனின் தவம் தேவரைத் தாழ்த்திய கருவி மட்டுமே. அவர்களைத் தாழ்வித்தது அவர்களது வினையே என்பது கச்சியப்பரின் சைவ விளக்கம். போர் முடிந்தபின் இக்காரணம் கூறப்படுவதால், முன்னர்த் தேவர்பால் இரக்கம் கொண்ட படிப்பவர் மீளச் சிந்திக்க நேர்கிறது.

ஆபுத்திரன்: வரத்தை மறுத்தவன்

சாத்தனாரின் மணிமேகலையில் பாத்திர மரபு கூறிய காதை காட்டும் நிலைமை இதற்கு நேர்மாறானது. மதுரையில் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றி வாடிய பாண்டிநாட்டில் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தான். அதனால் இந்திரனின் பாண்டுகம்பளம் என்னும் இருக்கை நடுங்கியது. பாலி சாதகக் கதைகளிலும் நல்லோர் ஆற்றலால் சக்கனின் இவ்விருக்கை வெம்மையுறும். இப்பௌத்தப் பொதுக்கூற்றைச் சாத்தனார் மதுரை மண்ணில் பொருத்துகிறார்.

இந்திரன் கோலூன்றிய முதிய அந்தணனாக வந்து, ஈகையின் பயனாக வேண்டுவது கேள் என்கிறான். ஆபுத்திரன் நகைக்கிறான். ஈவோரும் தவம் செய்வோரும் இல்லாத, இன்பம் நுகர்வோர் மட்டுமே வாழும் வானுலகின் தலைவன் எனக்குத் தருவதற்கு என்ன இருக்கிறது என்பது அவன் மறுமொழியின் கருத்து. பசித்தோர் முகமலர்ச்சியைக் காட்டும் இப்பாத்திரம் ஒன்றே அவனுக்குப் போதும்.

சினந்த இந்திரன் ஆயுதம் எடுக்கவில்லை. ஆபுத்திரனைச் சபிக்கவும் இல்லை. பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான். நாடு செழித்தது; பசித்தோர் இல்லாமற் போயினர்; ஏற்பாரின்றி அமுதசுரபி வறிதே இருந்தது. உண்பாரைத் தேடிச் சாவகம் செல்லக் கப்பலேறிய ஆபுத்திரன் இடையே மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டான்.

இங்கே இந்திரனின் செயல் நாட்டுக்கு நன்மையாகவும் நோன்பாளிக்குத் தோல்வியாகவும் ஒருங்கே அமைகிறது. ஆபுத்திரனின் ஆற்றலை அவனால் குறைக்க முடியவில்லை. அவ்வாற்றல் செயல்படும் களத்தையே அகற்றினான். பசி தீரவேண்டும் என்பதுதான் ஆபுத்திரனின் விருப்பமாயின் மழை அவனுக்கு வெற்றியல்லவா என்னும் வினாவும் எழுகிறது. இவ்வினாவைச் சாத்தனார் வெளிப்படையாக எழுப்பவில்லை. ஆயினும் சாவகத்துக்குப் போகத் துணியும் ஆபுத்திரனின் செயல், ஈகையும் ஒரு பற்றாகக்கூடும் என்பதைக் குறிப்பாற் சுட்டுகிறது.

ஒப்பீடு: வரம் தவத்தின் எல்லை

இவ்விருவரையும் அருகருகே வைத்துக் காணும்போது வரத்தின் தன்மை தெளிவாகிறது. வரம் கொடுக்கும்போது தவம் ஓர் அளவாக மாற்றப்படுகிறது. இத்தனை அண்டம், இத்தனை யுகம் எனக் கணக்கு எழுதப்படுகிறது. அக்கணக்கு முடியும் நாளும் அப்போதே குறிக்கப்பட்டுவிடுகிறது. சூரபன்மனால் தேவர் பட்ட துன்பம் மிகப் பெரிது. ஆனால் அது முடியக்கூடிய துன்பம். ஆபுத்திரனோ தேவர் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. இருப்பினும் கணக்கு எழுத இடம் கொடாததால் அவனோடு உடன்படிக்கைக்கு வழியில்லை. இந்திரன் வரம் தர முன்வந்தது அருளாலன்று; எல்லையற்றதாக நின்ற ஒன்றுக்கு எல்லை வகுக்கும் முயற்சியாகவே அதைக் கொள்ளவேண்டும். மேனகையை விசுவாமித்திரனிடம் அனுப்பியதும் இம்முயற்சியின் மற்றொரு வடிவமே. ஒருவனிடம் ஆசையைத் தோற்றுவித்தால், அதை நிறைவேற்றுவதன் வழியாகவே அவன் ஆற்றலைச் செலவழிக்கச் செய்யலாம்.

எனினும் இம்முடிவை எல்லாத் தெய்வங்களுக்கும் பொதுவாக்குதல் பிழையாகும். இரு நூல்களிலும் அஞ்சுபவன் இந்திரனே. கந்தபுராணத்தில் வரமளிக்கும் சிவபெருமானுக்கு அச்சமில்லை. அவர் நிலை ஈட்டப்பெற்றதன்று என்பது சைவக் கொள்கை. இந்திரனின் அச்சத்தைக் காட்டுவதன்மூலம் கச்சியப்பர் சிவனின் தலைமையை நிறுவுகிறார். சாத்தனார் பௌத்த அறத்தின் மேன்மையை நிறுவுகிறார். தேவர் அச்சம் என்னும் இக்கூற்று, சமயங்கள் தத்தம் தலைமைப் பொருளை உயர்த்தப் பயன்படுத்திய கதைக்கருவியும் ஆகும்.

முடிவுரை

கந்தபுராண முடிவில் சூரபன்மன் மாமரமாகி நின்று வேலால் இருகூறாகிறான். ஒரு கூறு சேவலாகக் கொடியிலும் மற்றொன்று மயிலாக ஊர்தியிலும் நிலைபெறுகிறது. பதவிக்கு எல்லை வந்தது, உயிர் அழிக்கப்படவில்லை. தீயில் தன்னையே இட்ட அந்த ஈகை வீணாகவில்லை என்றே நூல் அவனை முருகனோடு சேர்த்து வைக்கிறது. பழநியில் மேற்குக் கிரிவீதியில் அவன் வீழ்வதைக் காண்போர், கோயிலில் அவனையே மயிலாகவும் சேவலாகவும் முருகனுடன் வணங்குகின்றனர். அடியவன் நோன்புக்கும் அசுரன் நோன்புக்கும் இடையிலான தொலைவு, உடலை வருத்தும் அளவில் இல்லை. கேட்கும் பொருளில் உள்ளது. கேட்பதே இல்லாத நோன்பை எதிர்கொள்ளும் வழி தேவர்கோனுக்குத் தெரியவில்லை என்பதை ஆபுத்திரன் கதை உணர்த்துகிறது.