சார்ட்டில் 200 ரூபாய், கையில் 202.62

ஒரு ஸ்மால் கேப் பங்கு மூன்று மாதமாக 200 ரூபாயைத் தொடுவதும் திரும்புவதுமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று காலை 200.80-ல் பச்சை மெழுகுவர்த்தி ஒன்று எட்டிப் பார்க்கிறது. பிரேக் அவுட்! 200-க்கு வாங்கி, 196-ல் ஸ்டாப் லாஸ், 208-ல் இலக்கு என்று கணக்குப் போடுகிறார் டிரேடர். நாலு ரூபாய் ரிஸ்க் எடுத்தால் எட்டு ரூபாய் லாபம். 2,000 பங்கு வாங்கக் கையில் நாலு லட்சம் தயார்.

சார்ட் சொல்வது அவ்வளவுதான். எதிரே எத்தனை பங்கு விற்பனைக்கு இருக்கிறது என்பதை அது சொல்லாது. தரகு ஆப்பில் பங்கின் பெயரைத் தட்டினால் வரும் 'மார்க்கெட் டெப்த்' பெட்டிதான் அதைச் சொல்லும்.

| வாங்குவோர் விலை | எண்ணிக்கை | விற்போர் விலை | எண்ணிக்கை |
|---|---|---|---|
| 199.20 | 150 | 200.80 | 120 |
| 198.90 | 220 | 201.40 | 200 |
| 198.50 | 300 | 202.00 | 480 |
| 198.00 | 400 | 202.90 | 500 |
| 197.20 | 180 | 203.50 | 700 |

முதல் வரிசையில் 199.20-க்கும் 200.80-க்கும் இடையே உள்ள 1.60 ரூபாய்தான் ஸ்பிரெட். இரண்டுக்கும் நடுவிலையான 200-ல் அது 0.8 சதவீதம். வாங்கிய கையோடு விற்றால் ஒரு பங்குக்கு இந்த 1.60 போய்விடும், தரகும் வரியும் தனி.

இப்போது 2,000 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் என்ன ஆகும்? முதல் விலையில் 120 பங்குதான் இருக்கிறது. மிச்சத்துக்கு ஆர்டர் படிப்படியாக மேலேறி, ஐந்து வரிசையையும் துடைத்துவிட்டுத்தான் நிற்கும். மொத்தச் செலவு 4,05,236 ரூபாய், சராசரி விலை 202.62. நடுவிலையைவிட இது 1.3 சதவீதம் அதிகம். இந்த வித்தியாசத்துக்கு 'இம்பாக்ட் காஸ்ட்' என்று பெயர். நிஃப்டி 50-ல் ஒரு பங்கு சேர வேண்டுமானால், 10 கோடி ரூபாய் அளவிலான வர்த்தகத்துக்கே அதன் சராசரி இம்பாக்ட் காஸ்ட் 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என்எஸ்இ விதி. இங்கே நாலு லட்சத்துக்கே 1.3!

மறுபடி கணக்குப் பார்ப்போம். 202.62-ல் வாங்கியவருக்கு 196 வரை ரிஸ்க் 6.62 ரூபாய், 208 வரை லாபம் 5.38 ரூபாய். ஒன்றுக்கு இரண்டாக இருந்த வியாபாரம் தலைகீழாகிவிட்டது. சார்ட்டில் ஒரு கோடுகூட மாறவில்லை.

அளவைக் குறைத்தால்? 300 பங்கு மட்டும் வாங்கினால் சராசரி 201.16. ரிஸ்க் 5.16, லாபம் 6.84. பரவாயில்லை, ஆனாலும் ஒன்றுக்கு இரண்டு வரவில்லை. அந்த விகிதம் வேண்டுமென்றால் 200-ல் லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். விலை இறங்கி வராவிட்டால் பங்கு கிடைக்காது.

அந்தப் பிரேக் அவுட்டே உண்மையா என்பது அடுத்த கேள்வி. ஸ்பிரெட் அகலமான பங்கில், யாரோ ஒருவர் அவசரப்பட்டு விற்போர் விலையில் 30 பங்கு வாங்கினாலே கடைசி விலை 200.80 ஆகிவிடும். அடுத்தவர் வாங்குவோர் விலையில் விற்றால் 199.20. யாரும் மனம் மாறாமலே மெழுகுவர்த்தி மேலும் கீழும் குதிக்கும். ஐந்து நிமிட சார்ட்டில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வெற்றிடங்கள் தெரிந்தால், அந்த நிமிடங்களில் வியாபாரமே நடக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பங்கில் ஒரு மெழுகுவர்த்தி 200-ஐத் தாண்டியதை வைத்து முடிவெடுக்க முடியாது.

டெப்த் பெட்டியையும் கண்மூடி நம்பக் கூடாது. பெரிய ஆர்டரில் ஒரு பகுதியை மட்டும் வெளியே காட்டி மீதியை மறைக்க விதியிலேயே இடம் உண்டு. நேர்மாறாக, வாங்கும் எண்ணமே இல்லாமல் பெரிய ஆர்டரைக் காட்டிவிட்டுக் கடைசி நொடியில் ரத்து செய்வோரும் உண்டு. 'ஸ்பூஃபிங்' எனப்படும் இந்த வேலைக்காக 2025 ஏப்ரலில் ஒரு தரகு நிறுவனத்தின் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. எனவே சந்தை திறந்த 9.15-க்கு ஒரு தடவை பார்த்தால் போதாது. பதினொன்றுக்கும் இரண்டுக்கும் திரும்பப் பார்த்து, ஸ்பிரெட்டும் முதல் ஐந்து வரிசைக் கூட்டுத்தொகையும் ஏறத்தாழ அப்படியே நிற்கின்றனவா என்று குறித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது விற்போர் பக்கத்தைப் பார்ப்பவர்கள் வெளியேறும் வாசலைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். இந்தப் பெட்டியில் வாங்குவோர் பக்கம் மொத்தமே 1,250 பங்குதான். 2,000 பங்கையும் விற்க ஐந்து வரிசை போதாது. கெட்ட செய்தி வரும் நாளில் இந்த 1,250-ம் காணாமல் போகும். பங்கு லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்குவோர் பக்கம் காலியாகிவிடும். ஸ்டாப் லாஸ் 196-ல் தூண்டப்பட்டாலும், எதிரே ஆள் வரும்வரை அது நிறைவேறாத ஆர்டராக வரிசையில் நிற்கும்.