பேரீச்சையில் பூப்பது சர்க்கரையா, பூசணமா?

ஆனி, ஆடி மாதங்களில் சேத்தியாத்தோப்புக் கடைத்தெரு வழியே செல்வோர், பழவண்டிகளின் மேல் நாவற்பழக் குவியலுக்குப் பக்கத்தில், காம்போடும் கிளையோடும் கட்டித் தொங்கவிட்ட மஞ்சள் நிறக் காய்க்கொத்துகளைக் கண்டிருப்பர். தர்மபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் விளையும் பர்ஹி என்னும் ஜாதிப் பேரீச்சை அது. ஈராக் தேசத்துப் பஸ்ரா நகரத்தைப் பூர்விகமாகக் கொண்டது. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் திரும்பும் லால்பேட்டைக்காரரும் பரங்கிப்பேட்டைக்காரரும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து உறவினருக்குப் பங்கிடுகிற, கபில நிறமும் மெழுகு போன்ற மென்மையும் கொண்ட பழத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இந்த மஞ்சள் காய் வேறேதோ ஒரு வஸ்துவாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இரண்டும் ஒரே பழத்தின் இரு பருவங்கள்தாம். அந்தப் பருவ மாற்றத்தைப் படிப்படியாக அறிந்துகொண்டவருக்கே, ஐப்பசி மழையில் பெட்டியைத் திறந்தவுடன் பழத்தின்மேல் தென்படும் வெண்மை சர்க்கரையா பூசணமா என்ற சந்தேகமும் தெளியும் என்பதால், இங்கே தந்துள்ள படங்களைப் பருவ வரிசையிலேயே அடுக்கியிருக்கிறேன். ஜன்னலோரத்தில் வெள்ளைத்தாளின் மேல் பழத்தை வைத்து, பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இவை. நேர் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் மறைந்துபோகுமாதலால், சாய்ந்த வெளிச்சமே இவ்விஷயத்துக்கு உகந்தது.

முதற்படத்திலுள்ள மஞ்சள் காயை அரபியர் கலால் என்பர். தோல் இறுக்கமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. கடித்தால் நறுக்கென்று முறியும். அதன் எடையில் பாதிக்கும் மிகுதி தண்ணீரே. பெரும்பாலான பேரீச்சை ஜாதிகள் இந்தப் பருவத்தில் டானின் என்னும் பொருளின் மிகுதியால் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்புடையவை. பர்ஹியில் அத்துவர்ப்பு சொற்பமாதலால்தான் அதைக் காயாகவே தின்ன முடிகிறது. தமிழ்நாட்டிலும் குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும்போதே அறுத்து விற்றுவிடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பழம் மரத்திலேயே கனிந்து உலர வேண்டுமானால் பல வாரங்கள் வறண்ட வெயில் வேண்டும். நமக்கோ அந்தச் சமயத்தில் பருவமழை வந்துவிடுகிறது. கனிந்த பழத்தின்மேல் மழை விழுந்தால் தோல் வெடித்துப் புளித்துப்போகும்.

இரண்டாம் படம்தான் இவ்வரிசையில் மிகவும் கவனிக்கத்தக்கது. ஒரே பழத்தின் காம்புப் பக்கம் மஞ்சளாகவும் நுனிப் பக்கம் தேன் நிறமாகவும், இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லையோடும் காணப்படுகிறது. பேரீச்சை எப்பொழுதும் நுனியிலிருந்து காம்பை நோக்கியே கனியும். நுனியில் முதலில் ஒரு சிறு இடம் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் தன்மை பெறுகிறது. அங்கே உயிரணுக்களின் சுவர்களைப் பிணைத்து நிறுத்தியிருந்த பெக்டினை நொதிகள் கரைக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது அடையாளம். அதே இடத்தில் டானின் கரையாத நிலைக்கு மாறித் துவர்ப்பு மறைகிறது. தோலிலும் சதையிலும் உள்ள சில பொருள்கள் காற்றோடு கூடிக் கபில நிறம் கொள்கின்றன. மென்மையும் நிறமும் சுவையும் ஒரே எல்லைக்கோட்டின் பின்னே சேர்ந்து நகர்வதை ஒரே பழத்தில் இவ்வளவு ஸ்பஷ்டமாகக் காட்டும் கனி வேறொன்றை நான் அறியேன். எல்லை காம்பை எட்டி, பழம் முழுவதும் குழைந்த நிலையை ருதப் என்பர். பிறகு நீர் வற்றிச் சுருங்கி, நூற்றுக்கு 25 பங்குக்கும் குறைந்த ஈரத்தோடு நிலைபெற்றது தம்ர். பெட்டியில் வருவது பெரும்பாலும் தம்ர்தான்.

வாங்கி வந்த மஞ்சள் காயை வீட்டிலேயே கனியவைக்க விரும்புவோர், நுனியில் கண்ணாடித்தன்மை தொடங்கிய காய்களைத் தனியே பொறுக்கி வைக்க வேண்டும். அந்த அறிகுறி இல்லாதவை பல சமயம் கனியாமலேயே வதங்கித் தோல் சுருங்கிப்போகும். அவற்றையும் கனியவைக்க ஒரு வழி இருக்கிறது: குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரு நாள் வைத்து வெளியே எடுத்தால், பனிக்கட்டி உயிரணுக்களைக் கிழித்துவிடுவதால் அதுவரை தனித்தனியே அடைபட்டிருந்த நொதிகளும் அவற்றுக்கு இரையான பொருள்களும் ஒன்றாகக் கலந்து, உருகும்பொழுதே காய் மென்மையுற்றுப் பழுப்பாகிவிடும். மரத்தில் கனிந்ததன் வாசனை அதில் முழுமையாக வாராது, இனிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அப்பழத்தில் நீர் அப்படியே இருப்பதால், அன்றோ மறுநாளோ உண்டுவிட வேண்டும்.

இனி சர்க்கரையின் சங்கதி. சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால், இவ்வட்டாரத்துக் கரும்பு விவசாயிகளுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும்: வெட்டிய கரும்பு அரவைக்குப் போகாமல் வெயிலில் கிடந்தால் கட்டுமானம் குறையும். எடை குறைவது ஒருபுறமிருக்க, கரும்பிலுள்ள சுக்ரோஸ் என்னும் சர்க்கரை, இன்வர்ட்டேஸ் என்ற நொதியால் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் இரண்டாகப் பிளந்துபோவதே அதற்கு முக்கிய ஹேது. பிளந்த சர்க்கரை பாகில் படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடுமாதலால், ஆலைக்கு அது நஷ்டம். ஆலைக்காரர் அஞ்சித் தடுக்கின்ற அந்தப் பிளவே பேரீச்சையில் கனிதலின் மையமான காரியமாக நடைபெறுகிறது. மஞ்சள் காயில் கணிசமாக இருந்த சுக்ரோஸ், பழம் குழையக் குழையப் பிளந்து, பர்ஹி போன்ற மென்ஜாதிகளின் தம்ர் நிலையில் ஏறக்குறைய முழுவதும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகச் சரிபாதியாய் நிற்கிறது. (டெக்லெட் நூர் போன்ற சில ஜாதிகள் இதற்கு விலக்கு; அவற்றில் சுக்ரோஸ் இறுதிவரை மிகுதியாகத் தங்கும்.)

இதிலிருந்து வெண்மையின் காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். தம்ர் நிலையிலுள்ள 100 கிராம் சதையில் தண்ணீர் 22 கிராம், சர்க்கரை 68 கிராம் என்று கொள்வோம். அதில் குளுக்கோஸ் 34, ஃப்ரக்டோஸ் 34. நம் ஊர் வெப்பத்தில் 22 கிராம் தண்ணீர் 25 கிராம் அளவு குளுக்கோஸையே கரைத்து வைத்திருக்க வல்லது; அதே தண்ணீர் ஃப்ரக்டோஸையானால் மூன்று மடங்குக்கும் மேல் ஏற்கும். ஆகவே ஃப்ரக்டோஸ் கரைந்தே இருக்க, குளுக்கோஸ் மட்டும் தன் இடத்துக்கு மிஞ்சி நிற்கிறது. சதை மிகவும் பிசுபிசுப்பாக இருப்பதால் அது உடனே பிரிந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் கிடந்தாலோ, குளிரில் வைத்தாலோ, மெதுவாகப் படிகம் கட்டுகிறது. ஈரச்சுவர் உலரும்பொழுது உப்புப் பூப்பது போல இதுவும் ஒருவகைப் பூத்தல்தான். எனவேதான் மஞ்சள் காயிலோ புதிதாகக் குழைந்த பழத்திலோ சர்க்கரை பூக்க இடமில்லை. அங்கே தண்ணீர் தாராளம். மஞ்சள் காயின்மேல் விரலால் துடைத்தால் அகலும் மங்கலான வெண்படலம் தென்பட்டால் அது தோலின் இயற்கையான மெழுகு. குழைந்த ஈரப்பழத்தின்மேல் வெண்மை கண்டால், முதலில் பூசணத்தையே சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தடுத்து அச்சிட்டுள்ள இரு படங்களையும் இப்பொழுது ஒப்பிடலாம். முதலாவதில் வெண்புள்ளிகள் தோலுக்கு அடியில் இருக்கின்றன. தோல் முழுமையாய், அவற்றின்மேல் சற்றே புடைத்து நிற்கிறது. பிளந்த சதையில் அப்புள்ளிகள் மணல் போன்ற மணிகளாகத் திரண்டிருக்கின்றன. சாய்ந்த வெளிச்சத்தில் அவற்றின் முகங்கள் மினுக்குகின்றன. இது சர்க்கரை. கசிந்த பாகு மேற்புறத்தில் உலர்ந்தால் தோலின்மேலும் இத்தகைய பொருக்கு உண்டாகலாம். அதுவும் கெட்டியாக, மணிமணியாகவே இருக்கும். இரண்டாவதில் வெண்மை தோலின்மேல் நிற்கிறது. மினுக்கம் சிறிதும் இல்லை. பூதக்கண்ணாடியில் நுண்ணிய இழைகள் எழும்பி நிற்பது தெரியும். நடுவில் சாம்பலோ பச்சையோ கறுப்போ ஏறத் தொடங்கியிருக்கிறது. காம்பின் தொப்பி பொருந்தும் இடத்திலும் தோல் வெடித்த இடத்திலும் அது முதலில் குடியேறுகிறது. இது பூசணம்.

கண்ணால் தீராத சந்தேகத்தைத் தண்ணீர் தீர்த்துவைக்கும். வெண்மையான துணுக்கைச் சிறிது சுரண்டி வெதுவெதுப்பான நீரில் இட்டால், சர்க்கரையானால் கரைந்து தடமற்றுப் போகும்; பூசணமானால் மிதந்தோ ஒட்டியோ அப்படியே கிடக்கும். நாவில் வைத்துச் சோதிப்பது தகாது. சர்க்கரை பூத்த பழத்தை ஆவியில் இளஞ்சூடாக்கினால் மணிகள் மறைந்து பழம் முன்போல் குழையும். அதை உண்பதால் யாதொரு தீங்கும் இல்லை. பூசணம் பிடித்ததையோ முற்றாக எறிந்துவிட வேண்டும். மேலே தெரிவதைத் துடைத்தாலும், மென்சதைக்குள் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும், சில பூசணங்கள் நஞ்சும் சுரக்கும்.

சரியாக உலர்ந்த தம்ரில் சர்க்கரை தண்ணீரை இறுகப் பிடித்து வைத்திருப்பதால், பூசணத்துக்கு வேண்டிய ஈரம் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆனால் வெள்ளாறும் வீராணம் ஏரியும் அருகிருக்கும் இப்பிரதேசத்தில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பெட்டியைத் திறந்து வைத்தால், பழம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மேற்புறம் நீர்த்தவுடன் பூசணத்துக்கும், சர்க்கரையைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்கும் வாசல் திறந்துவிடுகிறது. சாராய நெடியோ காடி வாசமோ வீசினால், வெண்மை எதுவும் இல்லாவிடினும் அப்பழம் கெட்டதே. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிரில் வைப்பது நலம். அதனால் சர்க்கரை சற்று விரைவில் பூக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கடைசிப் படத்திலுள்ள பழத்தின் வெளித்தோற்றத்தில் குற்றம் ஏதுமில்லை. தோல் முழுமை, நிறம் சீர், வாசமும் இயல்பு. நீளவாக்கில் பிளந்த மறு பாதியில்தான், கொட்டையைச் சுற்றிய வெற்றிடத்தில் கரித்தூளைப் போன்ற கறுப்புப் பொடி தெரிகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்த பூசணத்தின் வித்துகள் அவை. காம்பு வழியாகவோ தோலின் சிறு வெடிப்பு வழியாகவோ உட்புகுந்து வளர்ந்தவை. கொட்டையை ஒட்டி இயல்பாகவே இருக்கும் வெள்ளைக் காகிதம் போன்ற மெல்லிய சவ்வைக் கண்டு மயங்க வேண்டாம். அது எல்லாப் பேரீச்சையிலும் உண்டு. கறுப்புப் பொடியோ, புழுவின் நூலாம்படையோ, எச்சமோ காணப்பட்டால் மட்டும் ஒதுக்க வேண்டும். இவை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அகப்படுவதில்லையாதலால், எந்தப் பேரீச்சையையும் முழுதாக வாயிலிடாமல், விரலால் பிளந்து கொட்டையை எடுத்து உட்புறத்தைப் பார்த்த பின்னரே குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும்.