பூவும் தடையும்: டோங்காவிலிருந்து வந்த 'டாபூ'

திருப்பதியில் எங்கு திரும்பினாலும் கூந்தலில் மல்லிகையும் கனகாம்பரமும் தெரியும். மலையேறிவிட்டால் அந்தக் காட்சி மாறிவிடும். திருமலையில் பூக்கள் எல்லாம் பெருமாளுக்கே என்பதால் பக்தர்கள் தலையில் பூ வைத்துக்கொள்வதில்லை. சாத்திக் களைந்த மாலைகளையும் பிரசாதமாகக் கொடுக்காமல், கோயிலுக்குள் இருக்கும் பூங்கிணற்றில் சேர்ப்பதே பழைய மரபு. பூவில் குற்றம் ஏதுமில்லை. ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது, அதனால் மற்றவர் தொடுவதில்லை.

ஆங்கிலத்தில் 'டாபூ' என்று வழங்கும் சொல் பிறந்த இடத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் குறித்தது. பசிபிக் கடலின் பாலினேசியத் தீவுகளில் அது 'தாபு'. டோங்கா நாட்டின் பெரிய தீவுக்கு டோங்காதாபு என்றே பெயர். தாபு என்றால் அங்கே புனிதம். 1777இல் கேப்டன் ஜேம்ஸ் குக் அந்தத் தீவுகளில் தங்கியபோது, அவர் விருந்துக்கு அழைத்திருந்த தலைவர்கள் உட்காரவும் மறுத்தார்கள், உண்ணவும் மறுத்தார்கள். காரணம் கேட்டால் வந்த ஒரே பதில், தாபு. விரிந்த பொருளுள்ள சொல் இது, பொதுவாகத் தடுக்கப்பட்டது என்று கொள்ளலாம் என்று அவர் குறித்துவைத்தார். 1784இல் அந்தப் பயண நூல் லண்டனில் அச்சாகி, சொல் ஆங்கிலத்தில் ஊன்றிக்கொண்டது.

அங்கேயே குக் இன்னொன்றையும் பார்த்தார். ஒரு பெண்ணுக்கு மற்றவர்கள் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இறந்துபோன ஒரு தலைவரின் உடலை அவள் கழுவியிருந்தாள். ஆகவே அவள் கைகள் தாபு, சில மாதங்களுக்கு உணவைத் தொடக்கூடாது. சித்தூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பூசைக்காக நீராடி, யாரும் தொடாமல் இருப்பதைத் தெலுங்கிலும் தமிழிலும் மடி என்பார்கள். சாவு வீட்டுத் தீட்டைத் தெலுங்கில் மைல என்பார்கள். இரண்டு நிலையிலும் கிட்டே போகக்கூடாது, ஆனால் பெயர்கள் வேறு. டோங்காவில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைக்கக்கூடாது. பாலினேசியாவில் தாபு மேலிருந்து கீழே பாய்ந்தது. தலைவரிடம் நிறைந்திருக்கும் 'மானா' என்ற ஆற்றல் தொட்டவரைத் தாக்கும் என்பதால், அவருடைய தலையையும் தட்டையும் மற்றவர்கள் அஞ்சி விலகினார்கள். நம் ஊர்ச் சாதித் தீட்டு எதிர்த்திசையில் போனது. கீழே தள்ளப்பட்டவர் தொட்டால் மேலிருப்பவர் கெட்டுவிடுவார் என்றது. தீண்டாமையை 'டாபூ' என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முயல்பவர்கள் இந்தத் திசையைத் தவறவிடுகிறார்கள்.

தாபு எப்படி வேலை செய்தது என்பதற்கு ஹவாயில் நல்ல சாட்சி உண்டு. 1779 சனவரியில் குக்கின் ஆட்கள் கீலாகேகுவா விரிகுடாவின் கரையில் வானாய்வுக் கருவிகளை வைக்க ஒரு கிழங்குத் தோட்டத்தைத் தேர்ந்தார்கள். பூசாரிகள் வந்து சுற்றுச்சுவர் மேல் சில கோல்களை நட்டார்கள். அவ்வளவுதான். ஊர்மக்கள் அந்தச் சுவரைத் தாண்டவில்லை. தடை என்பது கண்ணுக்குத் தெரியும்படி வைக்கவும் எடுக்கவும் கூடிய ஒன்றாக இருந்தது.

எடுத்துவிட்ட நிலைக்கும் ஒரு பெயர் இருந்தது, 'நோவா'. கட்டு நீங்கி, சாதாரணமாகப் புழங்கலாம் என்று பொருள். நியூசிலாந்தின் மவோரிகள் இன்றும் இடுகாட்டை விட்டு வரும்போது நீர் தெளித்துக்கொள்வதும், பின்பு கூடி உண்பதும் தாபுவிலிருந்து நோவாவுக்குத் திரும்பத்தான். சாவுக்குப் போய்வந்து தலைமுழுகிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் தாபுவை மட்டும் எடுத்துக்கொண்டு நோவாவை விட்டுவிட்டது. அதனால்தான் இன்று 'டாபூ' என்றால் வாய்விட்டுப் பேசக் கூசும் விஷயம் என்று சுருங்கி நிற்கிறது; புனிதமும் போயிற்று, விலக்கும் வழியும் போயிற்று.

பாலினேசியாவிலிருந்து வந்த இன்னொரு சொல்லான 'டாட்டூ', குக் தாபுவைக் குறித்துவைப்பதற்கு 8 ஆண்டு முன்பே கப்பலேறியது. 1769இல் தஹிதித் தீவில் குக்கும் தாவரவியலர் ஜோசப் பேங்க்ஸும் உடம்பில் 'தாதாவ்' போடுவதை நேரில் பார்த்து எழுதினார்கள். எலும்பிலோ சிப்பியிலோ செய்த சிறு சீப்பின் பற்களை, எண்ணெய்க்கொட்டையை எரித்தெடுத்த கரியில் தோய்த்துத் தோலில் வைத்து, குச்சியால் தட்டுவார்கள். 'தா' என்றால் அடிப்பது. ஆங்கிலத்தில் படைவீரரை இரவில் பாசறைக்கு அழைக்கும் முரசொலிக்கும் 'டாட்டூ' என்றே பெயர். ஆனால் அது டச்சு மொழியிலிருந்து தனியாக வந்தது. இரண்டிலும் தட்டுதல் இருப்பதால் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். தமிழில் பச்சை குத்துதல் என்றும் தெலுங்கில் பச்சபொட்டு என்றும் சொல்லும் நம் வழக்கத்தில் சீப்பும் கோலும் இல்லை. குறத்தியோ எருகல இனப் பெண்ணோ ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து, கரிமையைத் தொட்டு, தோலில் குத்திக்கொண்டே போவார்.