தெரபி குழந்தைக்கு... படபடப்பு அம்மாவுக்கு! 7 கேள்விகளில் கண்டுபிடிப்பது எப்படி?

நாமக்கல்லில் இருந்து வடமாநில லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர் வீடு திரும்ப இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை, ஆட்டிசம் உள்ள 6 வயது மகனோடு ராத்திரி விழித்திருப்பது அம்மா மட்டும்தான். இப்படி ஒரு தாயை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 'நெஞ்சு படபடன்னு அடிக்குது' என்று சொன்னால், 'புள்ளைய நினைச்சு கவலை, வேற ஒண்ணுமில்ல' என்று எல்லோரும் கடந்துவிடுகிறார்கள். அது வெறும் கவலைதானா?

எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் GAD-7. கடந்த 2 வாரத்தைப் பற்றி 7 கேள்விகள் இருக்கும். 'இல்லவே இல்லை' என்றால் 0, 'சில நாள்' என்றால் 1, 'பாதி நாளுக்கு மேல்' என்றால் 2, 'கிட்டத்தட்ட தினமும்' என்றால் 3 மதிப்பெண்.

அந்தத் தாயின் பதில்களைப் பார்ப்போம். பதற்றமாக உணர்வது 2. கவலையை நிறுத்த முடியாதது 3. பல விஷயங்களுக்கும் அளவுக்கு மீறிக் கவலைப்படுவது 2. ரிலாக்ஸ் ஆக முடியாதது 3. ஓரிடத்தில் உட்கார முடியாதது 0. எரிச்சல் 2. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் 2. மொத்தம் 14.

5-க்குக் கீழே இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. 10-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

14 வந்தால் நோயா?

அப்படி உடனே முடிவு செய்துவிட முடியாது. ரத்தசோகை, தைராய்டு பிரச்சினைகளாலும் படபடப்பு வரும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. இன்னொன்று, இந்தக் கேள்வித்தாளில் தூக்கம் பற்றிக் கேள்வியே கிடையாது. 'தினமும் எத்தனை மணி நேரம் தொடர்ச்சியா தூங்குறேன்' என்பதை அம்மாதான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முதலில் என்ன செய்யலாம்?

தூக்கத்தில் இருந்து தொடங்கலாம். ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குத் தூக்கப் பிரச்சினை உண்டு, அதற்கு சிகிச்சையும் உண்டு. 'அவன் அப்படித்தான்' என்று விடாமல் குழந்தைகள் நல டாக்டரிடம் சொல்லுங்கள். கணவர் ஊரில் இருக்கும் நாட்களில் இரவைப் பிரித்துக்கொள்ளலாம். 10 மணி முதல் 3 மணி வரை அவர் பார்த்துக்கொண்டால், அம்மா வேறு அறையில் தூங்கலாம். கணவர் லைனில் இருக்கும்போது அந்த முறையை வாரம் இரண்டு நாளாவது பாட்டியோ சித்தியோ எடுத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் இல்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மகனை தெரபிக்கு அழைத்துப் போகும் நாளிலேயே அம்மாவும் ஓ.பி. சீட்டு வாங்கிவிடலாம்.

'எனக்கு ஏதாவது ஆகிட்டா இவனை யார் பார்ப்பா?' என்ற பயம் உள்ளூர ஓடிக்கொண்டே இருந்தால், அதை 14416-இல் பேசும்போதே சொல்லிவிடலாம். தற்கொலை எண்ணம் வந்தால் ஸ்கோர் எவ்வளவு என்று பார்க்காமல் உடனே அழைக்க வேண்டும்.